பின்னிணைப்பில் கிடக்கும் கேள்வி: ஊடகக் கற்கைகள் முதுகலைக்கு வேற்றுத்துறைப் பட்டதாரியின் நோக்க அறிக்கை

ஊடகக் கற்கைகளில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கும் வேற்றுத்துறைப் பட்டதாரி, எஸ்.ஓ.பி. என்று மாணவர் வாயில் வழங்கும் நோக்க அறிக்கையை எழுத உட்கார்ந்ததும் முதலில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுகிறார். படித்தது புவியியல், ஆனாலும் சிறுவயது முதல் ஊடகத்தின்மேல் தீராத ஆர்வம் என்று முதல் வரி ஓடும். அடுத்த வரியில் பாடசாலை விவாதப் போட்டி வரும், அதன்பின் மூன்று மாத அறிவிப்பாளர் பயிற்சிச் சான்றிதழ் வரும், கடைசியில் குரலற்றவர்களின் குரலாக இருப்பேன் என்ற உறுதிமொழி வரும். படித்த மூன்று நான்கு ஆண்டுகள் மட்டும் எங்கோ ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். இந்த அத்தியாயத்தின் வாதம் இதற்கு நேர் எதிரானது. வேற்றுத்துறைப் பட்டதாரியின் அறிக்கைக்கு முதுகெலும்பாக நிற்க வேண்டியது அந்த ஓரத்தில் ஒதுக்கப்பட்ட பட்டம்தான். பழைய துறை எந்த இடத்தில் தன் கருவிகளால் மேலே போக முடியாமல் நின்றதோ, அந்த இடத்தில் ஓர் ஊடகக் கேள்வி கிடக்கும். அதைக் கண்டுபிடித்து எழுதினால் போதும்; ஆர்வத்தைப் பற்றி ஒரு வரிகூடத் தேவைப்படாது.

இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல, அந்தத் துறை பிறந்த வரலாறே இதற்குச் சாட்சி. வானொலியையும் தேர்தல் பிரசாரத்தையும் ஆய்ந்து ஊடக ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான பால் லாசர்ஸ்ஃபெல்ட், வியன்னாவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1940ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஒரு கவுண்டியில் வாக்காளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்து அவர் குழு நடத்திய ஆய்வு 1944இல் நூலாக வந்தது. செய்தி ஊடகத்திலிருந்து நேரே மக்களை அடைவதில்லை, அக்கம்பக்கத்தில் மதிக்கப்படும் சிலரை முதலில் அடைந்து அவர்கள் வழியாகவே மற்றவர்களுக்குப் பரவுகிறது என்ற ‘ஈரடுக்குப் பாய்ச்சல்’ கருத்து அந்த ஆய்விலிருந்துதான் கிளம்பியது. கனடாவின் ஹரோல்ட் இன்னிஸ் பொருளியலாளர். 1930இல் மென்மயிர் வணிகத்தைப் பற்றி நூல் எழுதியவர், பிறகு மரக்கூழையும் காகிதத்தையும் பின்தொடர்ந்து பத்திரிகைக்கு வந்து, 1950இல் பேரரசுகளையும் தொடர்பாடலையும் பற்றிய நூலில் நின்றார். ஒரு விளைபொருளின் பாதையைத் தொடர்ந்து போனால் ஊடகத்தில் போய் முடியலாம் என்பதைத் தேயிலை நாட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இவரைவிட நல்ல ஆள் இல்லை. நம்மவரில் கார்த்திகேசு சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற தமிழ்ப் பேராசிரியர். தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடல் ஊடகமாகக் கண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல் 1981இல் வந்தது. இவர்கள் யாரும் பழைய துறையைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. தெரிவுக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களிலும் சமூகவியல், வரலாறு, இலக்கியம் வழியாக வந்தவர்கள் இருப்பார்கள் என்பதால், வேற்றுத்துறை என்ற சொல் விண்ணப்பதாரியை அச்சுறுத்தும் அளவுக்கு அவர்களை அச்சுறுத்துவதில்லை.

வாதத்தைக் காட்ட ஒரு விண்ணப்பத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். விண்ணப்பதாரி கற்பனை, ஊரும் பின்னணியும் உண்மை. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு பெண், புவியியலில் சிறப்புப் பட்டம் பெற்றவர். இளங்கலை ஆய்வுக்கு வலப்பனைப் பிரதேசத்தின் மண்சரிவு அபாயத்தை எடுத்திருக்கிறார். அந்தத் தெரிவுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மண் சரிந்து உயிர்கள் போயின. ஹட்டன் பக்கத்தைத் தென்மேல் பருவப்பெயர்ச்சி நனைக்கிறது என்றால், மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் உடப்புசல்லாவைக்கு வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிதான் பெருமழைக் காலம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்ததும் அந்தப் பருவம் தொடங்கும் வேளையில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்த அபாய வலய வரைபடத்தின்மேல் லயன்களின் அமைவிடத்தைக் குறித்து, அதிக அபாய வலயத்துக்குள் விழும் 42 வீடுகளில் வினாக்கொத்து நிரப்பியிருக்கிறார். வீட்டின் வயது, சரிவின் கோணம், வடிகான், சுவர் வெடிப்பு என்று போகும் வினாக்களுக்கு நடுவே, மேற்பார்வையாளர் சொன்னதற்காக ஒரு வினாவைச் சேர்த்திருக்கிறார்: கடைசியாக வந்த மண்சரிவு எச்சரிக்கையை எப்படி அறிந்தீர்கள்? 21 வீடுகள் தோட்ட உத்தியோகத்தரையோ தொழிற்சங்கத் தலைவரையோ சொல்லியிருக்கின்றன. 9 வீடுகள் வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி என்றிருக்கின்றன. 12 வீடுகளுக்கு அப்படியோர் எச்சரிக்கை வந்ததே தெரியாது. ஆய்வின் வாதத்துக்கு இந்த அட்டவணை உதவவில்லை என்பதால் அது பின்னிணைப்புக்குப் போய்விட்டது.

இவருடைய முதல் வரைவு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது எளிது. “சிறுவயது முதலே வானொலி கேட்டு வளர்ந்தேன். மலையக மக்களின் துயரங்களை உலகறியச் செய்ய வேண்டும் என்பது என் கனவு. புவியியல் கற்றபோதும் என் மனம் ஊடகத்தையே நாடியது.” இந்த மூன்று வாக்கியத்தில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனாலும் படிப்பவருக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட வாக்கியத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஊடகம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சட்டம் என்றோ சமூகப்பணி என்றோ போட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்படியே நின்றால் அடித்துவிடலாம். இன்னொரு சோதனை ஊருக்கானது. உடப்புசல்லாவையை எடுத்துவிட்டு வேறு எந்த ஏழை ஊரின் பெயரைப் போட்டாலும் பத்தி மாறாமல் நிற்குமானால், ஊர் அங்கே பூமாலையாகத் தொங்குகிறதே தவிர வேலை செய்யவில்லை. மூன்றாவது வாக்கியம் மற்ற இரண்டையும்விடக் கேடு செய்வது, ஏனென்றால் நான்கு ஆண்டுகள் மனமில்லாமல் படித்தேன் என்று அது ஒப்புக்கொள்கிறது. அப்படிப் படித்தவர் அடுத்த படிப்பை மட்டும் மனம் வைத்துப் படிப்பார் என்று நம்பப் படிப்பவருக்கு என்ன காரணம்?

பின்னிணைப்பில் கிடந்த அட்டவணையை முன்னே கொண்டுவந்தால் தொடக்கம் இப்படி மாறும்: “வலப்பனைப் பிரதேசத்தின் இரண்டு தோட்டப் பிரிவுகளில் அதிக மண்சரிவு அபாய வலயத்துக்குள் இருக்கும் 42 வீடுகளை என் இளங்கலை ஆய்வு பதிவுசெய்தது. கடைசி எச்சரிக்கையை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டபோது, பாதி வீடுகள் ஒரு மனிதரைக் குறிப்பிட்டன. ஐந்தில் ஒரு பங்குதான் ஏதேனும் ஓர் ஊடகத்தைக் குறிப்பிட்டது. 12 வீடுகளுக்கு எச்சரிக்கையே எட்டவில்லை. சரிவு எங்கே விழும் என்று சொல்லப் புவியியல் எனக்குக் கற்றுத்தந்தது. சொன்ன சொல் எங்கே விழுகிறது என்று ஆராய அது கருவி தரவில்லை.” இதில் ஆர்வம் என்ற சொல் இல்லை. இருந்தும், களத்துக்குப் போனவர், எண்ணத் தெரிந்தவர், தன் துறையின் எல்லையைக் கண்டவர், அந்த எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் இது ஏறக்குறைய நூறு சொற்களில் அடங்கும். இனி அறிக்கையில் வருவது எல்லாம் இந்தப் பத்தி கிளப்பிய கேள்வியின் வழியே போக வேண்டும்.

அடுத்த பகுதிதான் எடை கூடியது. அட்டவணையைக் காட்டியது போதாது, அதற்குப் பின்னால் இருக்கும் பொறியை விளக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை அளந்து எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் தயார்நிலை, 150ஐத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75ஐத் தாண்டினாலோ வெளியேற்றம் என்று மூன்று படிகள். இந்தச் சொல் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் இறங்குகிறது. சாதாரணக் கிராமத்தில் அதற்கு மேல் ஒரே படிதான் பாக்கி. தோட்டத்தில் அப்படியல்ல. அங்கே அரசின் படிவரிசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு படிவரிசை நிற்கிறது: துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, இவர்களோடு தோட்டக் கமிட்டித் தலைவர். எல்லாரும் ஒரே இடத்தில் கூடி அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் காலைப் பிரட்டு ஒரு காலத்தில் தோட்டத்தின் ஒலிபரப்பு நிலையமாகவே இருந்தது. அதற்கு ஆளைக் கூட்டத் தப்பு அடித்தார்கள். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை பணம் செலவிடுவதைப் பெரிதும் தடுத்துவந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அரசின் சொல் லயத்து வாசலுக்கு வர நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கதவு வழியாகத்தான் வரவேண்டியிருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. ஆகவே அந்த 21 வீடுகள் ஒரு மனிதரைக் குறிப்பிட்டதில் வியப்பில்லை. ஆனால் அவர் லாசர்ஸ்ஃபெல்ட் கண்ட, அக்கம்பக்கம் தானாக மதிக்கும் ஆளா? ஒஹையோவில் அண்டைவீட்டுக்காரர் சொல்வதைக் கேட்காமல் விட்டால் யாருக்கும் பேர் விழாமல் போகாது. இங்கே சொல்கிறவர் கையிலேயே அன்றைய பேரும் இருக்கிறது. மழையில் மலைக்குப் போகாதே என்று சொல்ல வேண்டியவரும், கொழுந்து நிறுக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் செய்தி எப்படிப் பயணம் செய்யும்? புகழ்பெற்ற ஒரு கோட்பாட்டைத் தன் ஊரின்மேல் வைத்துப் பார்த்து, எங்கே பொருந்துகிறது, எங்கே உரசுகிறது என்று சொல்லும் இந்த இரண்டு மூன்று வாக்கியங்கள், வேற்றுத்துறைக்காரர் கோட்பாடு படிக்கத் தயாரா என்ற குழுவின் ஐயத்துக்குப் பத்து நூல்களின் பெயர்ப்பட்டியலைவிட நன்றாகப் பதில் சொல்லும். ஒரு கோட்பாடு போதும். அதைச் சொன்ன நூலின் அந்த அத்தியாயத்தையாவது உண்மையில் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் நேர்காணல் இருந்தால் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழுதுகிறவர் அதைத் தானே எழுப்புவது நல்லது. 2014 அக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, வெளியேற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததை அதிகாரிகளே பின்னர் சொன்னார்கள். எச்சரிக்கை இருந்தது, போக வேறு நிலமும் வீடும் கொடுக்கப்படவில்லை. அப்படியானால் இது காணியின் பிரச்சினை, வீட்டின் பிரச்சினை. ஊடகத்துக்கு இதில் என்ன வேலை என்று ஒரு பேராசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது. தகவல் கிடைத்தால் மக்கள் தப்பிவிடுவார்கள் என்று எழுதும் அறிக்கை மீரியபெத்தையின் முன்னால் நிற்காது. நேர்மையான பதில் கேள்வியைக் குறுக்குவதில் இருக்கிறது: “வீடு இல்லாத இடத்தில் எச்சரிக்கை வீட்டுக்குப் பதிலாகாது. போக இடமில்லாதவருக்குத் திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கை காலப்போக்கில் என்ன பொருளைப் பெறுகிறது, அதைச் சொல்கிறவரின் அதிகாரம் அந்தப் பொருளை எப்படி மாற்றுகிறது என்பதே நான் படிக்க விரும்பும் பகுதி.” இந்தக் குறுக்கல்தான் இவரை உதவி நிறுவனத்தின் திட்ட முன்மொழிவிலிருந்து பிரித்து ஊடகக் கற்கைகளின் வகுப்பறைக்குள் கொண்டுவருகிறது. தன் 42 வீடுகளைப் பற்றியும் இதே நேர்மை வேண்டும். அவை வரைபடத்தின் அபாய வலயத்தை வைத்துத் தெரிந்தெடுத்த வீடுகள், தோட்ட மக்கள் அனைவருக்குமான மாதிரி அல்ல. “மலையகத்தில் ஐந்தில் ஒருவருக்கே ஊடகம் வழி எச்சரிக்கை கிடைக்கிறது” என்று ஒரு வாக்கியம் எழுதினால், ஆய்வுமுறை தெரிந்த வாசகர் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுவார். எண் சிறிதாக இருப்பது குறையல்ல, சிறிய எண்ணைப் பெரிதாகப் பேசவைப்பதுதான் குறை.

சரி, புவியியலாளருக்குப் பேரிடர் வாய்த்தது, மற்றவர் என்ன செய்வது என்று கேட்கலாம். வணிகவியல் பட்டதாரியின் ஏட்டில் கூட்டுறவுக் கடையின் விற்பனைக் கணக்கு இருக்கும். கைத்தொலைபேசி ரீலோட் அட்டைக்குப் போகும் பணம் எந்த நாளில் கூடுகிறது, சம்பள நாளிலா, முற்பண நாளிலா என்பது அங்கே கேட்கப்படாமல் கிடக்கும் கேள்வி. தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி காமன் கூத்தையோ தோட்டப் பாடல்களையோ இலக்கியமாகப் படித்திருப்பார். கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் தொழிலாளர்களைத் திரட்டப் பாட்டையும் அச்சையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்தால், அதே பாடல் ஊடக வரலாற்றின் சான்றாகிவிடும். எந்தத் துறையானாலும் தேடும் இடம் ஒன்றுதான்: முடிவுரையில் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று கைகழுவிவிட்ட வரி, பின்னிணைப்பில் போட்ட அட்டவணை, மேற்பார்வையாளர் இது நம் துறை இல்லை என்று வெட்டச் சொன்ன பத்தி.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். கேள்வியை இவ்வளவு குறுக்கினால் அதற்குள்ளேயே சிக்கிவிட மாட்டோமா, படிக்கப் போனபின் மனம் மாறினால் என்ன செய்வது? நோக்க அறிக்கை ஒப்பந்தமல்ல. முனைவர் பட்டத்துக்கான ஆய்வுத் திட்டம்கூட வழியில் மாறும். முதுகலையில் மாறாவிட்டால்தான் படித்தது என்ன என்று கேட்க வேண்டும். ஒரு கேள்வியை எப்படிப் பிடித்து நிறுத்துகிறீர்கள் என்பதற்கு மாதிரியாகத்தான் அது படிக்கப்படுகிறது. பரந்த அறிக்கையைக் காட்டிப் பரந்த ஆற்றலை நிறுவ முடியாது. ‘சமூக ஊடகத்தின் தாக்கம்’ என்று எழுதுகிறவர் எதைப் பற்றியும் யோசிக்கவில்லை என்றே படிப்பவருக்குப் படும்.

மூன்றாவது மறுப்புதான் மலையகத்தில் அதிகம் ஒலிப்பது: வறுமையைச் சொன்னால் இடம் கிடைக்கும், அதை ஏன் விட வேண்டும்? லயத்து ஒற்றைக் காம்பரா, அம்மாவின் கொழுந்துக் கூடை, அட்டைக்கடி என்று தொடங்கும் அறிக்கைகள் மனத்தைத் தொடுவது உண்மைதான். பொருள்நிலை கேட்கும் புலமைப்பரிசில் படிவத்தில் அவற்றுக்குத் தனி இடம் இருக்கும், அங்கே தயங்காமல் எழுதலாம். ஆனால் நோக்க அறிக்கையைப் படிக்கிறவர் கையில் ஒரே கேள்வி இருக்கிறது: இந்தப் பாடத்திட்டத்தை இவரால் முடிக்க முடியுமா, இவர் வகுப்பில் என்ன பேசுவார்? துன்பம் அதற்குப் பதிலாகாது. மேலே பார்த்த விண்ணப்பத்தில் லயம் இல்லாமல் இல்லை. இரண்டு அதிகார வரிசைகள் சந்திக்கும் இடமாக, கேள்வியின் காரணமாக அது வருகிறது. அங்கே வளர்ந்ததால் மட்டுமே ஒருவருக்குத் தெரியக்கூடிய பிரட்டும் பேரும் கமிட்டித் தலைவரும் அறிக்கையில் அறிவாக வந்திருக்கின்றன. இரக்கத்தைக் கேட்டு வந்திருந்தால் அவை அந்த வேலையைச் செய்திருக்காது.

எந்தப் பல்கலைக்கழகம் என்ற பத்தியை எழுதுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஊடகக் கற்கைகளும் இதழியல் பயிற்சியும் ஒன்றல்ல. சென்னையின் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தருவது பத்திரிகையாளரை உருவாக்கும் பட்டமேற்படிப்பு டிப்ளோமா. அங்கே செய்தி எழுதவும் தொகுக்கவும் பழக்குவார்கள். லண்டன் எல்.எஸ்.இ.யின் ஊடக, தொடர்பாடல் துறையில் கோட்பாடும் ஆய்வுமுறையும் ஆய்வேடும் நடுவில் இருக்கும். எச்சரிக்கையின் பயணத்தை ஆராய விரும்புகிறவர் முதலாவதற்கு இந்த அறிக்கையை அனுப்பினால் இடம் தவறிவிடும். வானொலி அறிவிப்பாளராக விரும்புகிறவர் இரண்டாவதற்கு அனுப்பினால் ஓராண்டு முழுதும் ஒலிவாங்கியைத் தொடாமல் திரும்புவார். பெயரைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது, கட்டாயப் பாடங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் ஆய்வுமுறை என்று ஒரு பாடமும் ஆய்வேட்டுக்குப் பெரிய புள்ளிப் பங்கும் இருந்தால் ஆய்வுப் படிப்பு. ஸ்டூடியோவும் செயல்திட்டமும் நிறைந்திருந்தால் தொழிற்பயிற்சி. கண்டபின் அறிக்கையில் எழுத வேண்டியது, உங்கள் கேள்விக்குக் கருவி தரும் ஒரு பாடத்தையும், அது எந்தக் கருவியைத் தரும் என்பதையும் மட்டுமே. நம் விண்ணப்பதாரி வினாக்கொத்து நிரப்பத் தெரிந்தவர், ஆனால் ஒரு குடும்பம் எச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதை எண்ணிக்கையால் பிடிக்க முடியாது. அவருக்கு வேண்டியது ஆழ்நேர்காணலும் இனவரைவியலும். அதைக் கற்பிக்கும் பாடத்தைக் குறிப்பிட்டு, இல்லாதது இதுதான் என்று சொன்னால், வேற்றுத்துறைக் குறையும் அதே வாக்கியத்தில் கௌரவமாகத் தீர்ந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பழம்பெருமையை அதற்கே திருப்பிச் சொல்லும் வரிகள் இங்கே மலிந்து கிடக்கும். அவற்றுக்கு இடமில்லை.

நீளம் இடத்துக்கு இடம் மாறும், விண்ணப்பப் பக்கத்தில் சொன்ன எல்லையைத் தாண்டக் கூடாது. 800 சொல் கிடைத்தால் தொடக்கத்துக்கு நூறு நூற்றிருபது, பழைய ஆய்வுக்கும் அதன் பொறிக்கும் முன்னூறு, மறுப்புக்கும் குறுக்கிய கேள்விக்கும் இருநூறு, பாடத்திட்டத்துக்கு நூற்றைம்பது போக மிச்சம்தான் எதிர்காலத்துக்கு. எதிர்காலம் மூன்று வரியில் முடியலாம். செவனிங் புலமைப்பரிசிலுக்கு எழுதுகிறவர் இந்த அறிக்கையை அங்கே அப்படியே ஒட்டக் கூடாது. அது தலைமைத்துவம், தொடர்புவலை, படிப்பின் தெரிவு, தொழில்வழி என்று தனித்தனிக் கட்டுரை கேட்கிறது, 2,800 மணி நேர வேலை அனுபவமும் கேட்கிறது. அங்கே எதிர்காலத்துக்குத் தனிப் பங்கு உண்டு.

ஆங்கிலத்தைப் பற்றிய பயம் தமிழ்மொழி மூலம் படித்தவர்களுக்கு நியாயமானது. அதற்கு மருந்தாகக் கடையில் விற்கும் மாதிரி அறிக்கையை வாங்குவதுதான் வழக்கமான தவறு. அந்த மாதிரியின் வழவழப்பான வாக்கியத்துக்குப் பக்கத்தில் உங்கள் 42 வீடுகளை வைத்தால் இரண்டும் வேறு கையெழுத்து என்று உடனே தெரிந்துவிடும். முதலில் கேள்வியைத் தமிழில், தோட்டத்தில் ஒருவருக்குச் சொல்வதுபோல் நான்கு வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பது பயன்தரும். தமிழில் சொல்ல முடியாமல் திணறும் இடம் ஆங்கிலத்தில் பெரிய சொல்லால் மறைக்கப்படும் இடம். பிறகு குறுகிய ஆங்கில வாக்கியங்களில் நேரே எழுதலாம். பிரட்டு, பேர், லயம் போன்ற சொற்களை அப்படியே வைத்து ஒரு முறை விளக்கினால் போதும். இலக்கணப் பிழையைத் திருத்த ஒருவரிடம் கொடுக்கலாம். வாக்கியத்தை அழகுபடுத்தக் கொடுக்க வேண்டாம். தோட்டத்தின் பெயரையும் எச்சரிக்கையைச் சொன்ன தலைவரின் பெயரையும் எழுதாமல் விடுவது நல்லது. அவர்கள் ஆய்வுக்குத் தந்த பதிலை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள், பேர் போடுகிறவரைப் பற்றிய பேச்சு இது என்பதையும் மறக்கக் கூடாது.

கடைசி வேலை சிபாரிசுக் கடிதம். ஊடகத்துறையில் யாரையும் தெரியாதே என்று தவித்து, ஒரு முறை பேட்டி எடுத்த வானொலிக்காரரிடம் ஓடுகிறவர்கள் உண்டு. புவியியல் விரிவுரையாளரே சரியான ஆள். ஆனால் அவரிடம் பொதுவாகக் கேட்டால், ஒழுங்கானவர், நேரம் தவறாதவர் என்று எழுதித் தருவார். வரைவு அறிக்கையையும் பின்னிணைப்பின் அந்தப் பக்கத்தையும் அவர் முன் வைத்து, இந்த வினாவை எப்படி உருவாக்கினேன், எந்த வரிசையில் வீடுகளைத் தெரிந்தேன், மழைநாளில் எத்தனை முறை அந்த லயத்துக்கு ஏறினேன் என்பதை எழுத முடியுமா என்று கேட்க வேண்டும். முடிவுத் தேதிக்கு ஆறு வாரம் முன்னதாகக் கேட்டால், பழைய கோப்பைத் தேடி எடுக்க அவருக்கும் நேரம் கிடைக்கும்.